பிசிவி 53: ரத்தம் கெட்டியாகிவிட்டதா, நீர் வற்றிவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிப்போர்ட்டில் பிசிவி 53 என்று போட்டு, பக்கத்தில் மேல்நோக்கி அம்புக்குறி இருக்கிறது. என்ன அர்த்தம்?

உங்கள் ரத்தத்தில் 100 மில்லி எடுத்தால் அதில் 53 மில்லி சிவப்பணுக்கள் இருக்கின்றன என்று அர்த்தம். மீதி 47 மில்லியில் பெரும்பகுதி ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா. வெள்ளணுக்களும் தட்டணுக்களும் அடைத்துக்கொள்ளும் இடம் மிகச் சிறியது. சில லேப்களில் இதையே ஹீமடோக்ரிட் என்று அச்சிடுவார்கள். இரண்டும் ஒன்றுதான். பெரும்பாலான லேப்கள் ஆண்களுக்கு 40 முதல் 50 வரை, பெண்களுக்கு 36 முதல் 46 வரை இயல்பு என்று கொள்கின்றன.

இந்த எண் ஒரு விகிதம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. உடம்பில் மொத்தம் எவ்வளவு சிவப்பணு இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. சிவப்பணு கூடினாலும் 53 வரும். சிவப்பணு அப்படியே இருந்து பிளாஸ்மா குறைந்தாலும் 53 வரும். முதலாவது எலும்பு மஜ்ஜை சம்பந்தப்பட்ட விஷயம். இரண்டாவது பெரும்பாலும் நீர்ச்சத்து சம்பந்தப்பட்டது. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிரானது என்பதால், அம்புக்குறியைப் பார்த்ததுமே முடிவுக்கு வந்துவிடுவது ஆபத்து.

லேப்பில் இதை எப்படி அளக்கிறார்கள்?

பழைய முறையில் மெல்லிய கண்ணாடித் தந்துகிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி, ஒரு முனையை அடைத்து, நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் எந்திரத்தில் 5 நிமிடம் சுழற்றுவார்கள். சிவப்பணுக்கள் அடியில் படியும், பிளாஸ்மா மேலே தெளிந்து நிற்கும். சிவப்பு நிரலின் உயரத்தை அளவுகோலில் படித்துக்கொள்ளலாம். அணுக்களுக்கு நடுவே கொஞ்சம் பிளாஸ்மா மாட்டிக்கொள்வதால் இந்த முறையில் எண் சற்றுக் கூடுதலாக வரும்.

இப்போது பெரும்பாலான இடங்களில் தானியங்கி எந்திரம்தான். அது எதையும் சுழற்றுவதில்லை. சிவப்பணுக்களை எண்ணுகிறது, ஒவ்வொன்றின் பருமனை அளக்கிறது, இரண்டையும் பெருக்குகிறது. ஒரு மைக்ரோலிட்டரில் எண்ணிக்கை 60 லட்சம், சராசரிப் பருமன் 88.3 ஃபெம்டோலிட்டர் என்றால் பிசிவி 53. ஆக, எந்திரம் தரும் பிசிவி கணக்குப் போட்டு வந்த எண். பருமனை எந்திரம் தப்பாக அளந்தால் பிசிவியும் தப்பாகும். இது எப்போது நடக்கும் என்பது கீழே வருகிறது.

ரத்தம் கெட்டியானால் ஓட்டம் ஏன் மந்தமாகிறது?

தண்ணீரின் பாகுத்தன்மையை 1 என்று வைத்தால் பிளாஸ்மா 2-ஐ எட்டாது. அதில் சிவப்பணுக்கள் சேர்ந்து பிசிவி 45 ஆகும்போது முழு ரத்தத்தின் பாகுத்தன்மை 4-ஐ ஒட்டி நிற்கும். அதற்கு மேல் ஏற்றம் செங்குத்தாகிவிடும். 30-லிருந்து 40 ஆகும்போது கூடுவதைவிட, 50-லிருந்து 60 ஆகும்போது கணிசமாக அதிகமாகக் கூடும். காரணம், இடநெருக்கடி. அணுக்கள் ஒன்றையொன்று உரசாமல் நகர இடமே இருக்காது. குழாயின் அகலமும் அழுத்தமும் மாறாமல் இருக்கும்போது, பாகுத்தன்மை இரட்டிப்பானால் ஓட்டம் பாதியாகும்.

ரத்தத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. புளித்த இட்லி மாவு சும்மா இருக்கும்போது கட்டியாக நிற்கும். கரண்டியால் கலக்கினால் இளகும். ரத்தமும் வேகமாக ஓடும்போது இளகுகிறது, மெதுவாக ஓடும்போது கெட்டியாகிறது. தமனியில் பாயும்போது சிவப்பணுக்கள் நீண்டு வளைந்து ஓட்டத்தின் திசைக்குத் திரும்பிக்கொள்ளும். சிரைகளில், அதிலும் வால்வுகளின் பின்புறத்தில் ஓட்டம் தளரும்போது, பிளாஸ்மாவில் உள்ள ஃபைப்ரினோஜன் என்ற புரதம் அவற்றை அடுக்கடுக்காக ஒட்டவைக்கும். அதனால் மெதுவான ஓட்டம் மேலும் மெதுவாகும். பிசிவி கூடினால் முதலில் தொல்லை வருவது இப்படி ஓட்டம் ஏற்கெனவே தளர்ந்த இடங்களில்தான்.

மெல்லிய நாளங்களில் உடம்புக்கு இயற்கையான ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 1931-ல் ராபின் ஃபோரியஸ், டார்ஸ்டென் லிண்ட்க்விஸ்ட் என்ற இரு சுவீடன் ஆய்வாளர்கள் கண்டது இது: 0.3 மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள குழாய்களில் ரத்தத்தின் பாகுத்தன்மை குறைகிறது. சிவப்பணுக்கள் நடுவே ஒதுங்கி ஓட, சுவரோரம் பிளாஸ்மா மட்டும் ஒரு மெல்லிய படலமாக நின்று வழுக்கிவிடுகிறது. பிசிவி ஏற ஏற இந்தப் படலம் மெலிந்துபோகும்.

அதோடு, நடுவில் நெருக்கும் சிவப்பணுக்கள் தட்டணுக்களைச் சுவர்ப் பக்கம் தள்ளிவிடுகின்றன. ரத்தக்கட்டு உருவாக்கும் வேலையைச் செய்பவை இந்தத் தட்டணுக்கள். பிசிவி கூடியவர்களுக்கு ஓட்டம் மந்தமாவதோடு ரத்தக்கட்டு அபாயமும் சேர்ந்தே வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சிவப்பணுதானே ஆக்சிஜனைச் சுமக்கிறது? அது அதிகமாக இருந்தால் நல்லதுதானே?

ஒரு மில்லி ரத்தம் எவ்வளவு ஆக்சிஜன் சுமக்கிறது என்பது ஒரு கணக்கு. நிமிடத்துக்கு எத்தனை மில்லி ஓடுகிறது என்பது இன்னொன்று. திசுவுக்குப் போய்ச் சேர்வது இரண்டையும் பெருக்கி வருவது. பிசிவி ஏறினால் முதலாவது நேர்கோட்டில் கூடும். இரண்டாவது வளைந்து சரியும். ரத்தத்தின் மொத்த அளவு மாறாமல் இருக்கும்போது, இரண்டின் பெருக்கற்பலன் 40–45-ஐ ஒட்டி உச்சத்தைத் தொடுகிறது.

நிஜ உடம்பு இதைக் கொஞ்சம் சமாளிக்கும். எலும்பு மஜ்ஜை உண்மையிலேயே அதிகச் சிவப்பணுக்களைச் செய்யும் நோயாளிக்கு ரத்தத்தின் மொத்த அளவும் கூடியிருக்கும். நாளங்கள் விரிந்து வழிவிடும். நீர் வற்றியவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவருடைய ரத்தம் கெட்டியாகவும் இருக்கிறது, அளவிலும் குறைந்திருக்கிறது.

அப்பா ஏற்கெனவே “ரத்தம் கெட்டியாகாமல் இருக்க” மாத்திரை சாப்பிடுகிறார். பிசிவி அதில் குறையுமா?

குறையாது. ஆஸ்பிரின் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. வார்ஃபரின் உறைதலுக்கான புரதங்களைக் குறைக்கிறது. இரண்டும் ரத்தம் கட்டியாக உறைந்துபோவதைத் தடுக்கும் மருந்துகள். சிவப்பணுக்களின் நெருக்கத்தையோ பாகுத்தன்மையையோ அவை தொடுவதே இல்லை. பிசிவி 55 உள்ளவர் ஆஸ்பிரின் போட்டுக்கொண்டாலும் அடுத்த வாரமும் 55-ஆகத்தான் இருக்கும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது. அது வேறு காரணத்துக்காகக் கொடுக்கப்பட்டது.

அண்ணனுக்கு இரண்டு நாள் வாந்திபேதி. அட்மிட் பண்ணும்போது பிசிவி 53, ஹீமோகுளோபின் 17.8. ஓஆர்எஸ், சலைன் எல்லாம் கொடுத்து நான்காம் நாள் பார்த்தால் பிசிவி 46, ஹீமோகுளோபின் 15.4. மூன்று நாளில் ரத்தம் எங்கே போனது?

எங்கும் போகவில்லை. இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டாலே புரிந்துவிடும்.

தேறிய பிறகு அவர் உடம்பில் 5 லிட்டர் ரத்தம் என்று வைத்துக்கொள்வோம். பிசிவி 46 என்றால் சிவப்பணு 2.3 லிட்டர், பிளாஸ்மா 2.7 லிட்டர். பேதியில் சிவப்பணு வெளியேறுவதில்லை. புதிதாக உண்டாகவும் இரண்டு நாள் போதாது. ஆகவே சேர்த்த அன்றும் அதே 2.3 லிட்டர் சிவப்பணுதான். அது மொத்தத்தில் 53 சதவீதமாக இருந்தது என்றால், மொத்த ரத்தம் அன்றைக்கு 4.34 லிட்டர், பிளாஸ்மா 2.04 லிட்டர் மட்டுமே. அதாவது பிளாஸ்மாவில் ஏறத்தாழ கால்வாசி, 660 மில்லி, வற்றியிருந்தது.

ஆனால் அவர் இழந்தது வெறும் 660 மில்லி அல்ல. பிளாஸ்மா, அணுக்களுக்கு வெளியே உள்ள திரவத்தின் ஒரு பகுதிதான். நடுத்தர உடல்வாகு உள்ள ஆணுக்கு அந்தத் திரவம் சுமார் 14 லிட்டர். அதிலும் இதே விகிதத்தில் கால்வாசிக்கு நெருக்கமாகக் குறைந்திருந்தால் இழப்பு 3 லிட்டருக்கு மேல். சேர்த்த அன்று எடுத்த எடையையும் இப்போதைய எடையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று கிலோ வித்தியாசம் இருந்தால் கணக்கு பொருந்துகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சாட்சியும் அந்த ரிப்போர்ட்டிலேயே இருக்கும். 46-ஐ 53-ஆல் வகுத்தால் 0.87. ஹீமோகுளோபின் 17.8-ஐ 0.87-ஆல் பெருக்கினால் 15.5, நான்காம் நாள் வந்தது 15.4. சிவப்பணு எண்ணிக்கையும் அதே விகிதத்தில் இறங்கியிருக்க வேண்டும். சிவப்பணுவின் பருமன் மட்டும் அசையாமல் நிற்கும். எல்லாம் ஒரே விகிதத்தில் சேர்ந்து இறங்கினால் நீர்தான் மாறியது, அணுக்கள் மாறவில்லை. பிளாஸ்மாவில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தைப் பார்த்திருந்தால் அதுவும் முதல் நாள் கூடுதலாக இருந்து பிறகு இறங்கியிருக்கும்.

அப்படியானால் உடம்பில் நீர் குறைந்தால் பிசிவி கட்டாயம் ஏறுமா?

ஏறாமலும் போகலாம். அனுபவமுள்ளவர்களும் ஏமாறும் இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எது வெளியேறியது என்பதைப் பொறுத்தது இது. வாந்திபேதியில் உப்பும் நீரும் சேர்ந்தே போகின்றன. அந்த இழப்பு முழுவதும் அணுக்களுக்கு வெளியே உள்ள 14 லிட்டரிலிருந்து கழிகிறது. 3 லிட்டர் போனால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. 45-ஆக இருந்த பிசிவி 51 வரை ஏறும்.

வெறும் நீர் மட்டும் குறைந்தால் கதை வேறு. படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டிக்குத் தாகம் சொல்லத் தெரியவில்லை, யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் சோடியம் செறிவு ஏறும். அது அணுக்களுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். இழப்பை உடம்பின் மொத்த நீரும் பங்குபோட்டுக்கொள்ளும். நடுத்தர ஆணுக்கு அது சுமார் 42 லிட்டர், வயதான பெண்களுக்கு இன்னும் குறைவு. 42-ல் 3 லிட்டர் போனால் பிளாஸ்மா 7 சதவீதம்தான் குறையும். முக்கியமாக, சிவப்பணுக்களும் நீரை இழந்து சுருங்கும். பின்னத்தில் மேலேயும் குறைகிறது, கீழேயும் குறைகிறது. விகிதம் அதே இடத்தில் நிற்கிறது. 45-ஆக இருந்தது 46-ஐக்கூடத் தொடாது. ஆனால் சோடியம் 140-லிருந்து 150-ஐத் தாண்டியிருக்கும். பிசிவி இயல்பாக இருக்கிறது, நீர்ச்சத்து குறையவில்லை என்று யாராவது சொன்னால், சோடியம் எவ்வளவு என்று கேளுங்கள்.

வெயிலில் கொட்டும் வியர்வை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அதில் உப்பு உண்டு, ஆனால் ரத்தத்தைவிட நீர்த்தது. அதனால் பிசிவி ஏறும், பேதி அளவுக்கு ஏறாது.

எந்திரம் தப்பாக அளக்கும் சந்தர்ப்பமும் இங்கேதான் வருகிறது. சோடியம் மிகவும் கூடியவரின் சுருங்கிய சிவப்பணுக்கள் எந்திரத்தின் கரைசலில் விழுந்ததும் நீரை உறிஞ்சி ஊதிவிடும். எந்திரம் அந்த ஊதிய பருமனை அளந்து பிசிவியைக் கணக்கிடும். சுழற்றிப் பார்த்தால் வருவதைவிட எண் கூடுதலாக வரும். சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறியவர்களுக்கும் இப்படி நேரலாம்.

அம்மாவுக்கு ரத்தசோகை உண்டு. காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக இருந்தபோது ஹீமோகுளோபின் 10.5 என்று நன்றாக வந்தது. சலைன் ஏற்றியதும் 9-க்கு இறங்கிவிட்டது. சலைனால் ரத்தம் குறைந்துவிட்டதா?

உங்கள் அம்மாவின் உண்மையான அளவு 9-தான். பிசிவியில் சொன்னால் ஏறத்தாழ 27. பிளாஸ்மாவில் ஐந்தில் ஒரு பங்கு வற்றியதும் அது 31.5-க்கு ஏறி, ஹீமோகுளோபினும் 10.5 ஆனது. நீர் திரும்பியதும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. நீர்ச்சத்து குறைவு ரத்தசோகையை இப்படி மறைத்துவிடும். சோகையும் நீரிழப்பைத் திருப்பி மறைக்கும்: 31.5 என்ற எண்ணுக்கு யாரும் மேல்நோக்கி அம்புக்குறி போடமாட்டார்கள்.

இரும்புச்சத்துக்கான வைத்தியத்தை 9 என்ற எண்ணை வைத்தே தொடருங்கள். சலைன் ஏற்றிய பிறகும் தொடர்ந்து இறங்கிக்கொண்டே போனாலோ மலம் தார்போலக் கறுத்தாலோ அது வேறு. ரத்தக்கசிவு இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

டெங்குவில் தினமும் பிசிவி எடுக்கிறார்கள். அதுவும் நீர் குறைவுதானா?

விளைவு ஒன்றுபோல இருந்தாலும் வழி வேறு. டெங்குவில் நுண்நாளங்களின் சுவர் ஓட்டையாகி, பிளாஸ்மா புரதத்தோடு சேர்ந்து வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் கசிகிறது. நீர் உடம்பை விட்டுப் போகவில்லை, நாளத்தை விட்டுத்தான் போயிருக்கிறது. வழக்கமான அளவிலிருந்து 20 சதவீதம் ஏறினால், அதாவது 40-ஆக இருந்தது 48 ஆனால், கசிவு நடக்கிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் எடுத்துக்கொள்கிறது. ஆகவே காய்ச்சலின் முதல் ஓரிரு நாட்களில் எடுத்த பிசிவி ரிப்போர்ட்டைத் தொலைக்காதீர்கள். ஒப்பிட அதுதான் அடிப்படை. பிசிவி திடீரென இறங்கி, நாடித்துடிப்பு வேகமாகி, கைகால் சில்லிட்டால் அதைத் தேறுகிறார் என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளே ரத்தக்கசிவாக இருக்கலாம்.

எனக்கு பேதி, காய்ச்சல் எதுவும் இல்லை. செக்கப்பில் 52 வந்தது. அடுத்து என்ன செய்ய?

நன்றாகத் தண்ணீர் குடித்து, சாதாரணமாகச் சாப்பிட்டு, ஓரிரு வாரம் கழித்து மறுபடி எடுங்கள். ரத்தம் எடுக்கும் முன் கால் மணி நேரம் உட்கார்ந்திருங்கள். படுக்கையிலிருந்து எழுந்து நடமாடினாலே கால் பக்கம் பிளாஸ்மா கொஞ்சம் நாளத்தை விட்டு வெளியேறுகிறது; அதனாலேயே பிசிவி இரண்டு மூன்று புள்ளி கூடலாம். கையில் ரப்பர் பட்டையை நீண்ட நேரம் இறுக்கி வைத்தாலும் கூடும்.

என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் சிறுநீர் பிரிக்கும் மாத்திரைகள் பிளாஸ்மாவைக் குறைக்கும். சர்க்கரைக்கு இப்போது பரவலாக எழுதப்படும் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்றவை பிசிவியை இரண்டு மூன்று புள்ளி ஏற்றும். டெஸ்டோஸ்டெரோன் ஊசியும் ஏற்றும். புகைபிடிப்பவர்களுக்கு இரட்டை அடி: கார்பன் மோனாக்சைடால் சிவப்பணு உற்பத்தி கூடுகிறது, பிளாஸ்மாவும் குறைகிறது. குறட்டையோடு தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்களுக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் ஆக்சிஜன் பற்றாக்குறையால் சிவப்பணு கூடும்.

இவை எதுவும் பொருந்தாமல், மறுபடி எடுத்தாலும் ஆண்களுக்கு 49-க்கு மேலும் பெண்களுக்கு 48-க்கு மேலும் நிலைத்தால், பாலிசைத்தீமியா வேரா என்ற மஜ்ஜை நோய் இருக்கிறதா என்று தேட வேண்டும். அந்த நோய் உள்ளவர்களில் சுமார் 95 சதவீதம் பேருக்கு ஜேஏகே2 என்ற மரபணுவில் ஒரே இடத்தில் ஒரே மாற்றம் இருப்பது 2005-ல் தெரியவந்தது. அதை ரத்தத்திலேயே பார்க்கலாம். கூடவே சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனின் அளவையும் பார்ப்பார்கள். இந்த நோயில் அது குறைந்திருக்கும். வெள்ளணு, தட்டணுக்களும் கூடியிருப்பது, குளித்ததும் உடம்பெல்லாம் அரிப்பு, விரல் நுனிகளில் எரிச்சலும் சிவப்பும் ஆகியவை சந்தேகத்தை வலுப்படுத்தும்.

ரத்தத்தை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?

பாலிசைத்தீமியா வேரா உறுதியானவருக்கு அதுதான் முதல் வைத்தியம். பிசிவியை 45-க்குக் கீழே வைப்பதா, 50 வரை விடலாமா என்று இத்தாலியில் 365 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2013-ல் வெளிவந்தது. 45 முதல் 50 வரை விடப்பட்டவர்களுக்கு இதயம், நாளம் சம்பந்தப்பட்ட மரணமும் பெரிய ரத்தக்கட்டுகளும் ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகம். இன்றைக்கு 45 என்ற இலக்கை எல்லோரும் பிடித்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

நீர் வற்றி 53 வந்தவருக்கு ரத்தம் எடுப்பது பெரும் தவறு. ஏற்கெனவே குறைந்த அளவு மேலும் குறைந்து, அழுத்தம் சரிந்துவிடும். அவருக்குத் தேவை உப்பும் நீரும். ஓஆர்எஸ் பாக்கெட்டில் எத்தனை மில்லி என்று அச்சிட்டிருக்கிறதோ அத்தனை நீரில் முழுப் பாக்கெட்டையும் கரைத்துக் கொடுக்க வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் இழந்த உப்பு திரும்பாது, பிளாஸ்மாவும் நாளத்துக்குள் நிற்காது. இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்பதை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

எந்தக் காரணத்தால் பிசிவி கூடியிருந்தாலும், திடீரென வாய் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்வு, ஒரு கண் மங்கல், நெஞ்சுவலி வந்தால் மறுபரிசோதனைக்குக் காத்திருக்காதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

பிசிவி இயல்பாக இருந்தால் ரத்தம் கெட்டியில்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?

பெரும்பாலும் இருக்கலாம். ஒரு விதிவிலக்கு: மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய் போன்ற நோய்களில் பிளாஸ்மாவுக்குள் புரதம் குவிந்து, பிளாஸ்மாவே பிசுபிசுத்துப்போகும். அவர்களுக்குப் பிசிவி 28 என்று குறைவாக இருக்கும்போதும் தலைசுற்றலும் பார்வை மங்கலும் மூக்கில் ரத்தக்கசிவும் வரலாம். அப்போது மொத்தப் புரத அளவைப் பார்க்க வேண்டும்.

வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். தண்ணீர் குடிக்கலாமா?

தாராளமாகக் குடிக்கலாம். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் போக வேண்டும் என்று நினைத்து, முந்தைய நாள் இரவிலிருந்து எதுவும் குடிக்காமல் வரிசையில் நிற்பவர்கள் நிறையப் பேர். காபி, டீ, பால், ஜூஸ் கூடாது. வெறும் தண்ணீர் பிசிவியையோ சர்க்கரை அளவையோ கெடுக்காது. காலையில் எழுந்ததும் ஒன்றிரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போனால் நரம்பு கிடைப்பதும் எளிது. முந்தைய பரிசோதனையை எந்த லேப்பில் எடுத்தீர்களோ அங்கேயே, அதே நேரத்தை ஒட்டி எடுங்கள். பழைய ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.